ஒரே சூட்டில் ஒன்று கட்டி, ஒன்று நீர்: அகரும் ஜெலட்டினும் உறைவதைச் செய்து பார்ப்போம்

அகர் கலந்த தண்ணீரைக் கொதிக்க வைத்து மேசையில் விட்டால் தானாக உறைந்துவிடும். ஜெலட்டின் கலந்ததை அதே மேசையில் பக்கத்திலேயே வைத்தால் நாள் முழுக்கத் தண்ணீராகவே நிற்கும். ஃபிரிட்ஜில் வைத்தால்தான் உறையும். இரண்டிலும் முக்கால்வாசிக்கு மேல், ஏன், கிட்டத்தட்ட எல்லாமே தண்ணீர்தான். அப்படியிருக்க ஏன் இந்த வித்தியாசம்? ஒரு மாலைப் பொழுதில் நீங்களே செய்து பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

தேவையானவை: 4 கிராம் அகர் பொடி (சைனா கிராஸ், கடற்பாசி என்றும் சொல்வார்கள்), 5 கிராம் ஜெலட்டின் பொடி, உணவில் கலக்கும் சிவப்பு நிறம், சமையல் தெர்மாமீட்டர், சிறிய பாத்திரம், சில கண்ணாடிக் கிண்ணங்கள்.

முதல் படி: அகர்

200 மில்லி பச்சைத் தண்ணீரில் 2 கிராம் அகரைத் தூவிக் கலக்குங்கள். பிறகு அடுப்பில் வைத்து, கொதி வந்தபின் இரண்டு நிமிடம் விடாமல் கிளறுங்கள். இந்த இரண்டு நிமிடத்தில் அவசரப்படக் கூடாது. நான் முதன்முதலில் செய்தபோது ஓரத்தில் குமிழி வந்ததுமே இறக்கிவிட்டேன். பொடி அடியில் மணல் மாதிரி படிந்து, மேலே வெறும் தண்ணீர்தான் நின்றது. கரண்டியைத் தூக்கிப் பாருங்கள். அதில் மணி மணியாக எதுவும் ஒட்டாமல் கரைசல் தெளிவாக வழிந்தால் அகர் கரைந்துவிட்டது. நாலைந்து சொட்டு சிவப்பு நிறம் சேர்த்து ஒரு கிண்ணத்தில் ஊற்றி மேசையில் வையுங்கள்.

இரண்டாம் படி: ஜெலட்டின்

இதைக் கொதிக்க வைக்கவே கூடாது. 50 மில்லி குளிர்ந்த தண்ணீரில் பொடியைப் பரவலாகத் தூவி ஐந்து நிமிடம் ஊற விடுங்கள். ஊறி உப்பியதும் 60 டிகிரி சூட்டில் உள்ள தண்ணீர் 150 மில்லி ஊற்றிக் கலக்கினால் கரைந்துவிடும். இதையும் அகர் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வையுங்கள்.

இனி அவ்வப்போது தெர்மாமீட்டரை வைத்துப் பாருங்கள். அகர் 40 டிகிரியைத் தாண்டிக் கீழே இறங்கும்போது ஓரங்களில் கெட்டியாகத் தொடங்கும். 32 டிகிரிக்குள் முழுதும் உறைந்திருக்கும். கிண்ணத்தைச் சாய்த்தால் அசையாது. ஜெலட்டினோ அதே சூட்டில் சலசலவென்று ஓடும். அதை ஃபிரிட்ஜில் வைத்து நான்கு மணி நேரம் கழித்துப் பார்த்தால் மெத்தென்று உறைந்திருக்கும்.

உள்ளே என்ன நடந்தது?

இரண்டுமே நீளமான இழைகள். சூட்டில் அவை தனித்தனியாக நெளிந்துகொண்டு தண்ணீரில் மிதக்கின்றன. ஆறும்போது ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. அந்தப் பிடிப்பு எவ்வளவு வலுவானது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அகர் என்பது சிவப்புக் கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஒரு வகைச் சர்க்கரைச் சங்கிலி. ஆறும்போது இரண்டிரண்டு இழைகள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக்கொள்ளும். அதோடு நிற்பதில்லை. அந்த முறுக்குகள் பல சேர்ந்து, விறகுக் கட்டு மாதிரி நெருக்கமாக ஒட்டித் தடித்த கட்டுகளாகின்றன. ஒரு கட்டிலிருந்து நீளும் இழை அடுத்த கட்டுக்குள் நுழைவதால் மொத்தமும் வலையாகிறது. அந்தக் கட்டுகளைக் கலைக்க அறையின் சூடெல்லாம் போதவே போதாது.

ஜெலட்டின் விலங்குகளின் தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் என்ற புரதத்திலிருந்து வருவது. கொலாஜனில் மூன்று இழைகள் கயிறு போல முறுக்கப்பட்டிருக்கும். ஜெலட்டின் அந்தக் கயிறு பிரிந்துபோன நிலை. குளிரும்போது இழைகள் மறுபடியும் மூன்று மூன்றாக முறுக்கப் பார்க்கின்றன. ஆனால் அங்கங்கே சிறு துண்டுகளில்தான் அது கைகூடுகிறது. மீதி தொளதொளவென்று கிடக்கிறது. அந்தச் சிறு முறுக்குகளின் பிடி மெலிது. 30 டிகிரியில் இழைகளின் துள்ளலே அதை அவிழ்த்துவிடும். குளிரில் துள்ளல் அடங்குவதால் முறுக்கு நிலைக்கிறது. மெதுவாக முறுக்கிக்கொள்வதால்தான் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கிறது. மறுநாள் இன்னும் கெட்டியாவதும் அதனால்தான்.

ஆக, 'அறைச்சூடு' என்பதில் மாயம் ஒன்றும் இல்லை. அறை அகரின் எல்லைக்குக் கீழேயும் ஜெலட்டினின் எல்லைக்கு மேலேயும் இருக்கிறது, அவ்வளவுதான். நல்ல குளிர்காலத்தில் அறை 15 டிகிரிக்கு இறங்கினால் ஜெலட்டினும் மேசையிலேயே உறையக்கூடும்.

பெர்லினில் ராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில் பாக்டீரியாவை வளர்க்க முதலில் ஜெலட்டினைத்தான் பயன்படுத்தினார்கள். உடல் சூடான 37 டிகிரியில் வைத்தால் அது உருகிவிடும். சில பாக்டீரியாக்கள் அதைத் தின்று நீராக்கியும்விடும். அங்கே பணியாற்றிய வால்டர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபேனி ஹெஸ்ஸே 1881-இல் அகரைப் போட்டுப் பாருங்கள் என்றார். இன்றுவரை ஆய்வகத் தட்டுகளில் இருப்பது அகர்தான்.

மூன்றாம் படி: கட்டியை நீரில் போடுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. மீதி 2 கிராம் அகரை, நிறம் சேர்க்காமல், 200 மில்லி தண்ணீரில் முன்போலவே கொதிக்க வைத்து, 60 டிகிரிக்கு ஆற விடுங்கள். தண்ணீராகவே இருக்கும். உறைந்த சிவப்பு அகரைச் சதுரத் துண்டுகளாக நறுக்கி, அதற்குள் நாலு துண்டைப் போடுங்கள். பாத்திரத்தை 60 டிகிரி வெந்நீரில் இறக்கி வைத்துச் சூட்டைக் காப்பாற்றுங்கள்.

அரை மணி நேரம் கழித்தும் துண்டுகள் கூர் மழுங்காமல் அப்படியே கிடக்கும். அதே பொருள், அதே அளவு, அதே சூடு. ஒன்று கட்டி, மற்றது நீர். காரணம், அகர் உறைவது 40 டிகிரிக்குக் கீழே. உறைந்தபின் உருகுவதோ 85 டிகிரி வாக்கில். கட்டு சேருவதற்கு ஆறினால் போதும். சேர்ந்த கட்டைப் பிரிக்க, ஒட்டிய பிடிகளையெல்லாம் ஏறக்குறைய ஒரே நேரத்தில் விடுவிக்க வேண்டும். ஜெலட்டின் துண்டை 40 டிகிரி வெந்நீரில் போட்டுப் பாருங்கள். சில நிமிடங்களில் ஆளைக் காணோம். நாக்கில் வைத்ததும் கரைவதும் இதனால்தான்.

தண்ணீர் எப்படி மாட்டிக்கொள்கிறது?

நம் அகர் கிண்ணத்தில் 100 பங்குக்கு 99 பங்கு தண்ணீர். அது இழைகளோடு ஒட்டிப்போய்விட்டது என்று நினைக்கத் தோன்றும். இழையோடு நெருங்கிப் பிணைந்திருப்பது கொஞ்சம்தான். மீதியெல்லாம் சாதாரணத் தண்ணீர். ஆனால் வலைக் கண்கள் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சிறியவை. அவ்வளவு குறுகிய வழிகளில் தண்ணீர் மொத்தமாக வழிந்தோட முடியாது. ஈரத்துணியைத் தூக்கினால் தண்ணீர் கொட்டாமல் நிற்பது போலத்தான்.

மூன்றாம் படியில் போட்ட துண்டுகளைக் கவனியுங்கள். சுற்றிலும் சிவப்பு மங்கலாகக் கசிந்திருக்கும். துண்டு கரையவில்லை, கண்கள் வழியே நிறம் மட்டும் வெளியே நடந்து வந்திருக்கிறது. தண்ணீர் மொத்தமாக ஓடாது, ஆனால் அதன் துகள்கள் தாராளமாக நடமாடுகின்றன.

ஒரு துண்டை மூடிய டப்பாவில் மறுநாள் வரை வைத்தால் அடியில் சிறு குளம் தேங்கியிருக்கும். கெட்டுப்போகவில்லை, கட்டுகள் இன்னும் இறுகி, வலை சுருங்கித் தண்ணீரைப் பிழிந்திருக்கிறது. இன்னொரு துண்டை உறைபெட்டியில் ஓர் இரவு வைத்து எடுத்து இளக விடுங்கள். பனிக்கட்டி வளர்ந்து இழைகளை ஓரமாக ஒதுக்கியிருக்கும். விரலால் மெல்ல அமுக்கினால் சிவப்புத் தண்ணீர் கொட்டி, கையில் பஞ்சு போன்ற சக்கை மட்டும் மிஞ்சும். அந்தச் சக்கைதான் நீங்கள் போட்ட 2 கிராமில் ஒரு பங்கு.