விளம்பர மின்மடல் தலைப்பில் பொருளை முன்னே வையுங்கள்

தமிழ் வாக்கியத்தில் முக்கியச் செய்தி பெரும்பாலும் கடைசியில்தான் வரும். கைபேசியோ நீண்ட தலைப்பின் கடைசியைத்தான் வெட்டும். "அன்பான வாடிக்கையாளர்களே, உங்களுக்காக ஓர் அரிய வாய்ப்பு!!!" என்றால் என்ன விற்கிறீர்கள் என்றே தெரியாது, ஸ்பேம் வாடைதான் அடிக்கும். "பருத்திப் போர்வை 20% தள்ளுபடி, ஞாயிறு வரை" என்று எழுதுங்கள். வால் வெட்டுப்பட்டாலும் பொருளும் எண்ணும் நிற்கும். ஆச்சரியக்குறி வேண்டவே வேண்டாம்.

இன்பாக்ஸில் தலைப்பை ஒட்டித் தெரியும் முன்னோட்ட வரி, தலைப்பைத் திருப்பிச் சொல்லாமல் அடுத்த கேள்விக்குப் பதில் சொல்லட்டும்: "இரட்டைக் கட்டில் அளவுக்கு மட்டும். கூப்பன் தேவையில்லை." நிபந்தனையை இப்படி முன்பே சொல்லிவிடுவது நேர்மையும்கூட. அந்த வரியைக் காலியாக விட்டால், "பிரவுசரில் பார்க்க" போன்ற மடலின் முதல் எழுத்துகள் அங்கே வந்து உட்காரும். சோதனை மடல் ஒன்றை உங்கள் கைபேசிக்கே அனுப்பினால் இது உடனே தெரிந்துவிடும்.