‘விழிப்புணர்வை உயர்த்துவோம்’: விற்பனைத் திட்டத்தில் எண் எழுதும்போது நேரும் தவறுகள்

சிறு நிறுவனங்களின் சந்தைப்படுத்தல் திட்டத்தைப் புரட்டினால் முதல் பக்கத்திலேயே இந்த வரி இருக்கும்: “நமது பொருளைப் பற்றிய விழிப்புணர்வை அதிகரிப்பது.” ஆண்டு முடிவில் இந்த இலக்கு நிறைவேறியதா என்று கேட்டால், எல்லோரும் “ஓரளவு” என்பார்கள். அந்த ‘ஓரளவு’ பொய்யென்று நிரூபிக்கவும் முடியாது, மெய்யென்று காட்டவும் முடியாது. வரியின் கோளாறே அதுதான்.

விளம்பர உலகுக்கு இது புதிய சிக்கல் அல்ல. 1961-இல் அமெரிக்காவில் ரஸ்ஸல் காலி என்பவர், தேசிய விளம்பரதாரர் சங்கத்துக்காக எழுதிய நூலில் விளம்பர இலக்குக்கு நான்கு நிபந்தனைகள் சொன்னார்: எந்தச் செய்தி போய்ச் சேர வேண்டும், யாரிடம், எந்த அளவுக்கு, எவ்வளவு காலத்துக்குள். அறுபது ஆண்டுகள் கடந்தும் பெரும்பாலான திட்டங்களில் முதல் நிபந்தனை மட்டுமே அரைகுறையாக நிறைவேறுகிறது. எண் வேண்டும் என்று இப்போது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதை எழுதும் விதத்தில்தான் சறுக்குகிறார்கள்.

ஒரு கற்பனை உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஈரோட்டில் மரச்செக்கு எண்ணெய் ஆட்டி விற்கும் ஒரு நிறுவனம் திருச்சியில் கடை திறந்து ஓராண்டு ஆகிறது. தில்லை நகர், ஸ்ரீரங்கம் பகுதிகளில் செக்கு எண்ணெய் வாங்கக்கூடிய வீடுகள் 20,000 என்று கடைக்காரரின் மதிப்பு. விளம்பரத்துக்கு மூன்று லட்சம் ரூபாய் ஒதுக்கியிருக்கிறார். இலக்கு: திருச்சியில் விழிப்புணர்வை அதிகரிப்பது.

பழைய வரியின் மேல் எண்ணை ஒட்டுவது

“எண் வேண்டும்” என்றதும் அவர் திருத்துகிறார்: “விழிப்புணர்வை 30 சதவீதம் அதிகரிப்பது.” பார்ப்பதற்குக் கறாராக இருக்கிறது. ஆனால் இப்போது திருச்சியில் எத்தனை பேருக்குக் கடை தெரியும்? நூறு வீட்டில் 12 என்று வைத்துக்கொண்டால், 12-இன் மேல் 30 சதவீதம் கூடி 15.6 ஆவதும் இந்த வரிக்குள் அடங்கும். 12-உடன் 30 சேர்ந்து 42 ஆவதும் அடங்கும். முதலாவது சாதாரண வளர்ச்சி. இரண்டாவதோ, மூன்று லட்சத்தில் நடக்கிற காரியமல்ல. ஆண்டு முடிவில் எது வசதியோ அதைச் சொல்லிக்கொள்ள இந்த வரி இடம் கொடுக்கிறது. அதனால் “30 சதவீதம் உயர்வு” என்று எழுதாமல், “12-இலிருந்து 25-க்கு” என்று இரண்டு முனைகளையும் எழுத வேண்டும். தொடக்க எண் தெரியாவிட்டால் இலக்கை எழுதும் வேலையை நிறுத்திவிட்டு, முதலில் அந்த எண்ணைக் கண்டுபிடிக்கக் கிளம்ப வேண்டும்.

தொடக்க எண்ணைத் தோராயமாக எடுப்பது

அந்த 12 எங்கிருந்து வரும்? கடைக்கு வருகிறவர்களைக் கேட்டால் நூற்றுக்கு நூறு பேருக்கும் கடை தெரியும். உறவினர்களின் வாட்ஸ்அப் குழுவில் கேட்டாலும் அதே கதைதான். தெருக்களைச் சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு தெருவிலும் பத்து வீட்டுக்கு ஒரு வீடு என்று கதவைத் தட்டி, 200 பேரிடமாவது கேட்க வேண்டும். இரண்டு கல்லூரி மாணவர்களைச் சில நாள் கூலிக்கு அமர்த்தினால் முடிந்துவிடும் வேலைதான்.

கேள்வியின் வரிசை முக்கியம். முதலில், “செக்கு எண்ணெய் என்றதும் எந்தக் கடையின் பெயர் நினைவுக்கு வருகிறது?” என்று பெயர் எதையும் சொல்லாமல் கேட்க வேண்டும். அதன் பிறகே ஐந்தாறு கடைகளின் பெயரைப் படித்துக் காட்டி, “இவற்றில் எதைக் கேள்விப்பட்டிருக்கிறீர்கள்?” என்று கேட்க வேண்டும். இரண்டாவது கேள்விக்கு எப்போதும் அதிகம் பேர் தலையாட்டுவார்கள். நம் ஊரில் வீடு தேடி வந்தவரிடம் “தெரியாது” என்று சொல்லப் பலருக்கு மனம் வராது. எனவே அந்தப் பட்டியலில் உலகத்தில் இல்லாத ஒரு கடையின் பெயரையும் சேர்த்துவிடுங்கள். அந்தப் பொய்ப் பெயரையும் பத்துப் பேர் “கேள்விப்பட்டிருக்கிறேன்” என்றால், உங்கள் கடைக்குக் கிடைத்த தலையாட்டல்களிலும் ஏறக்குறைய அந்த அளவு மரியாதைக்காகச் சொன்னது என்று புரிந்துகொள்ளலாம். இலக்கை முதல் கேள்வியின் மேல் வைப்பது உத்தமம். நம் கடைக்காரர் பெற்ற 12 சதவீதம், அதாவது 200-இல் 24 பேர், முதல் கேள்விக்குக் கிடைத்த விடை என்று கொள்வோம்.

இங்கே பலரும் கவனிக்காத ஒரு வரம்பு இருக்கிறது. 200 பேரிடம் ஒரு முறை, நான்கு மாதம் கழித்து வேறு 200 பேரிடம் ஒரு முறை கேட்டால், 12 என்பது 15 ஆகியிருப்பது எதையும் நிரூபிக்காது. விளம்பரமே செய்யாமல் அடுத்தடுத்த வாரம் கேட்டிருந்தாலும் அந்த அளவு ஏற்ற இறக்கம் வந்திருக்கக்கூடும். இந்த எண்ணிக்கையில் சுமார் 7 சதவீதப் புள்ளிக்கு மேல் வேறுபாடு தெரிந்தால்தான் ஏதோ நடந்திருக்கிறது என்று துணிந்து சொல்லலாம். 3 புள்ளி உயர்வை வைத்தே அப்படிச் சொல்ல வேண்டுமானால் ஒவ்வொரு முறையும் குறைந்தது ஆயிரம் பேரைக் கேட்க வேண்டியிருக்கும். ஆகவே 200 பேரைத்தான் கேட்க முடியும் என்றால், “12-இலிருந்து 15” என்ற இலக்கை எழுதுவதே வீண். அடைந்தாலும் தெரியாது, தவறினாலும் தெரியாது. 25 என்று வைத்தால் தெரியும்.

எளிதாகக் கிடைக்கிற எண்ணை இலக்காக்குவது

வீடு வீடாகப் போவது சிரமம் என்பதால் பலர் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் காட்டும் எண்ணுக்குத் தாவுகிறார்கள்: “செப்டம்பருக்குள் ரீச் இரண்டு லட்சம்.” ரீச் என்பது எத்தனை பேர் திரையில் விளம்பரம் தோன்றியது என்ற கணக்கு. அவர்கள் அதைப் படித்தார்களா, கட்டைவிரலால் தள்ளிவிட்டார்களா என்று அது சொல்லாது. கூடுதல் பணம் கட்டினால் ரீச் கூடும். எனவே இந்த இலக்கு நிறைவேறியது என்றால் பட்ஜெட் செலவாகிவிட்டது என்பதற்கு மேல் பெரிதாகப் பொருளில்லை. ஃபாலோயர் எண்ணிக்கையும் இதே ரகம். ஒரு குக்கரைப் பரிசாக அறிவித்துக் குலுக்கல் நடத்தினால் ஒரே வாரத்தில் ஆயிரக்கணக்கில் சேர்வார்கள். குக்கருக்காக வந்தவர்கள் எண்ணெய் வாங்க வருவார்கள் என்பதற்கு என்ன உத்தரவாதம்? ரீச்சை அன்றாடம் பார்த்துக்கொள்ளுங்கள், விளம்பரம் ஓடுகிறதா என்று தெரிந்துகொள்ள உதவும். இலக்கு என்ற இடத்தில் உட்காரும் தகுதி அதற்கு இல்லை.

எண்ணைப் பணத்தோடு பொருத்திப் பார்க்காமல் விடுவது

எனக்குத் தெரிந்து அதிக நஷ்டம் தருவது இந்தத் தவறுதான். 25 சதவீதம் என்று எழுதிவிட்டோம். அதை எட்டினால் கடைக்கு என்ன கிடைக்கும்? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

12-இலிருந்து 25 என்றால் 13 புள்ளி. 20,000 வீடுகளில் அது 2,600 வீடு. இவர்களில் எத்தனை பேர் வாங்குவார்கள்? முதல் கணக்கெடுப்பில் கடையைத் தெரிந்த 24 பேரிடம், “கடந்த மூன்று மாதத்தில் வாங்கினீர்களா?” என்றும் கேட்டிருந்தால் ஒரு குறிப்பு கிடைக்கும். 3 பேர் ஆம் என்றார்கள் என்று வைத்துக்கொள்வோம், எட்டில் ஒருவர். அந்தக் கணக்கில் 325 புதிய வீடுகள். வீட்டுக்கு மாதம் 2 லிட்டர் என்றால் 650 லிட்டர். லிட்டருக்குக் கையில் நிற்பது 40 ரூபாய் என்றால் மாதம் 26,000 ரூபாய். போட்ட மூன்று லட்சம் திரும்பிவரப் பதினொன்றரை மாதம் ஆகும்.

இது நல்ல பக்கத்தைப் பார்த்துப் போட்ட கணக்கு. தானாகத் தேடி வந்து தெரிந்துகொண்டவர்கள் வாங்குகிற வேகம், விளம்பரம் பார்த்துத் தெரிந்துகொண்டவர்களிடம் பெரும்பாலும் இருக்காது. மேலும் 24 பேரில் 3 என்பது மிகச் சிறிய எண்ணிக்கை. இன்னொரு தெருவில் கேட்டிருந்தால் ஒன்றாகவோ ஆறாகவோ இருந்திருக்கலாம். பாதியாகக் குறைத்து, பதினாறில் ஒருவர் என்று கொண்டால் மாதம் 13,000 ரூபாய். பணம் திரும்ப 23 மாதம். இப்போது கடைக்காரர் முன்னால் ஓர் உண்மையான கேள்வி நிற்கிறது: இரண்டு ஆண்டு காத்திருக்கத் தயாரா, அல்லது ஸ்ரீரங்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு செலவைப் பாதியாக்குவதா? “விழிப்புணர்வை அதிகரிப்பது” என்ற வரி ஒருநாளும் இந்தக் கேள்வியை எழுப்பியிருக்காது.

தேதியைக் காலண்டரைப் பார்த்து மட்டும் எழுதுவது

“இந்த நவம்பரில் சென்ற நவம்பரை விட 20 சதவீதம் அதிகம் விற்க வேண்டும்” என்று எழுதுகிறார்கள். தீபாவளி 2023-இல் நவம்பர் 12 அன்று வந்தது. 2024-இல் அக்டோபர் 31 அன்றே வந்துவிட்டது. பலகாரத்துக்கு எண்ணெய் வாங்கும் கூட்டம் 2023-இல் நவம்பர் கணக்கிலும் 2024-இல் அக்டோபர் கணக்கிலும் விழுந்திருக்கும். இரண்டு நவம்பர்களை ஒப்பிட்டால், நன்றாக வேலை செய்தவருக்கும் திட்டு விழும். பண்டிகைப் பொருளுக்கு “தீபாவளிக்கு முந்தைய ஆறு வாரம்” என்று எண்ணி ஒப்பிடுவதே சரி.

விழிப்புணர்வு இலக்கின் கடைசிக் கணக்கெடுப்பையும் பண்டிகை நெரிசலில் வைக்கக் கூடாது. 2026 தீபாவளி நவம்பர் 8 என்பதால், செப்டம்பர் கடைசி வாரத்தில் முடித்துவிடுவது நல்லது. எல்லாக் கடைகளும் ஒரே சமயத்தில் கூவும்போது யார் குரல் கேட்டது என்று பிரித்தறிவது கடினம்.

இடையில் பார்க்க வேண்டாமா? வேண்டும், ஆனால் இன்னொரு கணக்கெடுப்பால் அல்ல. பாதி வழியில் 12 என்பது 17 ஆகியிருந்தாலும் மேலே சொன்ன 7 புள்ளி வரம்புக்குள் அது காணாமல் போய்விடும். இடையில் பார்ப்பதற்குக் கடையின் பில் போதும். பில் போடும்போது வாங்கும் தொலைபேசி எண்களில் இதுவரை பதிவாகாத எண்கள் வாரத்துக்கு எத்தனை என்று எண்ணிவந்தால் போக்கு தெரிந்துவிடும். அதே பில்லிலிருந்து, புதிதாக வந்தவர்களில் எத்தனை பேர் 60 நாளுக்குள் இரண்டாம் முறை வந்தார்கள் என்பதையும் எடுக்க வேண்டும். எண்ணை இலக்காக்கினால் எண்ணைத் துரத்துவதே வேலையாகிவிடும் என்பதை இங்கிலாந்துப் பொருளியலாளர் சார்லஸ் குட்ஹார்ட்டின் பெயரால் வழங்கும் விதி சொல்கிறது. தள்ளுபடி கொடுத்துப் புதிய எண்களைக் குவித்துவிட்டார்களா என்பது இந்த இரண்டாம் எண்ணில்தான் வெளிப்படும்.

இவ்வளவும் சேர்ந்து கடைக்காரரின் வரி இப்படி ஆகிறது:

“தில்லை நகர், ஸ்ரீரங்கம் பகுதி வீடுகளில், பெயர் சொல்லாமல் கேட்டால் நம் கடையைக் குறிப்பிடுகிறவர்கள் 2026 ஜூன் முதல் வாரத்தில் 12 சதவீதம், செப்டம்பர் கடைசி வாரத்துக்குள் 25 சதவீதம். அதே கேள்வி, அதே முறை, 200 பேர். செலவு மூன்று லட்சத்துக்குள். ஆகஸ்ட் 1 முதல் 15 வரை பில்லில் புதிய தொலைபேசி எண்கள் வாரத்துக்கு 15-க்குக் கீழே இருந்தால், மீதிப் பணத்தை நிறுத்திவைத்து விளம்பரத்தை மாற்றுவது. பொறுப்பு: திருச்சிக் கடை மேலாளர்.”