ரத்த தான முகாம் தாளைக் கொடையாளர் பதிவேடாக மாற்றுவது: அடுத்த தேதி தவறாமல் வர

ரங்கூனில் எங்கள் கோயில் மண்டபத்தில் முகாம் முடிந்ததும் கையில் மிஞ்சுவது ஒரே ஒரு எக்செல் தாள்தான். பெயர், வயது, ரத்தப் பிரிவு, ஹீமோகுளோபின், கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு பத்தி. அந்தக் குறிப்பில் "கொடுத்தார்", "மாத்திரை", "ரத்தம் குறைவு", "அடுத்த முறை" என்று அவரவர் கைக்கு வந்தபடி எழுதியிருக்கும். அன்றைய நாளுக்கு அது போதும். ஆனால் மூன்று மாதம் கழித்து யாரைக் கூப்பிடலாம் என்று கேட்டால் அந்தத் தாளிடம் பதில் இருக்காது.

இதை நான் உணர்ந்தது ஓர் அக்காவால். 2025 பிப்ரவரி 9ஆம் தேதி முகாமுக்கு வந்தவரை ஆன்டிபயாடிக் சாப்பிடுகிறார் என்று திருப்பி அனுப்பினோம். 14 நாள் கழித்து வரலாம் என்று கணக்குப் போட்டு 23ஆம் தேதிக்குக் கூப்பிட்டோம். தான்லினிலிருந்து பஸ் ஏறி வந்தார், மறுபடியும் கொடுக்க முடியாமல் திரும்பினார். தவறு இரண்டு இடத்தில் இருந்தது, இரண்டுமே தாளில் இருந்த தவறு. அவற்றைச் சரிசெய்யும் வழிதான் கீழே இருப்பது.

படி 1: எண்களை எண்களாக்குங்கள்

முகாம் தாளை அப்படியே ஒரு பிரதி எடுத்து வைத்துவிட்டு, பிரதியில் மட்டும் வேலை செய்யுங்கள். பதிவு மேசையில் பர்மிய விசைப்பலகையில் தட்டியவர் இருந்தால், ஹீமோகுளோபினும் தேதியும் பர்மிய எண்களில் இருக்கும். கண்ணுக்கு அவை எண்கள், எக்செலுக்கோ வெறும் எழுத்து. Ctrl+H அழுத்தி பத்து எண்களையும் ஒவ்வொன்றாக மாற்றுங்கள். பிறகு பக்கத்துப் பத்தியில் இதைப் போட்டுப் பாருங்கள்:

```
=ISNUMBER(D2)
```

FALSE என்று வரும் வரிகளைத் தேடுங்கள். பெரும்பாலும் குற்றவாளி பூஜ்யம்தான். பர்மிய மொழியில் பூஜ்யமும் 'வ' எழுத்தும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருப்பதால், தட்டச்சு செய்பவர்கள் ஒன்றுக்கு மற்றொன்றைப் போட்டுவிடுவார்கள். அந்த எழுத்தையும் 0 ஆக மாற்றினால் தீர்ந்துவிடும்.

தேதிகளை 2025-02-09 என்று ஆண்டு முதலில் வரும்படி தட்டுங்கள். 9/2/2025 என்று போட்டால், மாதம் முதலில் என்று அமைத்த கணினி அதைச் செப்டம்பர் 2 என்று எடுத்துக்கொள்ளும்.

படி 2: ஹீமோகுளோபினுக்கு இரண்டு பத்தி

ஒரு பத்தியில் அளவு, அடுத்ததில் முறை. காரணம் சொல்கிறேன். சில முகாம்களில் விரல் நுனி ரத்தத்தைச் சிறு கருவியில் வைத்து 13.2 என்று எண்ணாகவே தருவார்கள். சில முகாம்களில் நீல நிற காப்பர் சல்ஃபேட் கரைசலில் ஒரு சொட்டு விடுவார்கள். கரைசலின் ஒப்படர்த்தி 1.053 என்றால், சொட்டு மூழ்கினால் ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 12.5 கிராமுக்கு மேல் இருக்கிறது என்று கொள்ளலாம். எவ்வளவு மேல் என்று அது சொல்லாது.

எங்கள் பழைய தாளில் வரிசையாக நாற்பது பேருக்கு 12.5, 12.5 என்று இருந்தது. யாரோ நல்ல எண்ணத்தில் 'தேறினார்' என்பதை எண்ணாக மாற்றியிருக்கிறார்கள். ஒரே எண் திரும்பத் திரும்ப வந்தால் அது அளந்த எண் இல்லை என்று சந்தேகப்படுங்கள். சொட்டுச் சோதனை என்றால் அளவுப் பத்தியைக் காலியாக விட்டு, முறையில் 'சொட்டு, தேறினார்' என்று மட்டும் எழுதுங்கள். முகாமுக்கு முகாம் ஒருவருடைய ஹீமோகுளோபின் இறங்குகிறதா என்று பின்னால் பார்க்கும்போது பொய் எண் நம்மை ஏமாற்றும். அதேபோல் 132 என்று இருந்தால் அது லிட்டர் கணக்கு, 10ஆல் வகுத்து 13.2 ஆக்குங்கள்.

படி 3: ஆளுக்கு ஒரு எண்

அந்த அக்கா விஷயத்தில் முதல் தவறு இங்கேதான். நம் ஆட்களில் பலருக்கு வீட்டில் ஒரு தமிழ்ப் பெயர், என்ஆர்சி அடையாள அட்டையில் ஒரு பர்மியப் பெயர். அவர் 2024 நவம்பர் 3ஆம் தேதி பர்மியப் பெயரில் ரத்தம் கொடுத்திருக்கிறார், பிப்ரவரியில் தமிழ்ப் பெயரில் வந்திருக்கிறார். தாள் அவரை இரண்டு பேராகப் பார்த்தது.

என்ஆர்சி எண்ணின் கடைசி ஆறு இலக்கத்தையும் பிறந்த தேதியையும் சேர்த்து ஒப்பிடுங்கள். இரண்டும் ஒத்தால் ஒரே ஆள். அவருக்கு D001 போல ஒரு எண் கொடுத்து, Donors என்ற தாளில் இரண்டு பெயரையும் எழுதுங்கள். இனி மற்ற இடங்களில் D001 மட்டும் போதும்.

படி 4: வருகைத் தாள்

Visits என்று ஒரு தாள் திறந்து, A முதல் G வரை இப்படித் தலைப்பிடுங்கள்: கொடையாளர் எண், முகாம் தேதி, ஹீமோகுளோபின், முறை, காரணக் குறி, கணக்கு தொடங்கும் தேதி, அடுத்த தேதி. ஒருவருக்கு இரண்டு காரணம் இருந்தால் இரண்டு வரி.

இதில் உயிரான பத்தி F. இரண்டாவது தவறு இது இல்லாததால் வந்தது. ரத்தம் கொடுத்தவருக்குக் கணக்கு முகாம் நாளிலிருந்தே தொடங்கும். ஆன்டிபயாடிக் என்றால் நோய் முழுதாகக் குணமாகி, கடைசி மாத்திரையும் முடிந்த நாளிலிருந்து. அந்த அக்காவிடம் இன்னும் மூன்று நாள் மாத்திரை பாக்கி இருந்தது. கடைசி மாத்திரை பிப்ரவரி 12, ஆக 14 நாள் கழித்து 26ஆம் தேதி. நாங்கள் முகாம் நாளிலிருந்து எண்ணிவிட்டோம். "எப்போது முடியும்?" என்று மேசையிலேயே கேட்டு எழுதாவிட்டால், இதைப் பிறகு கண்டுபிடிக்க வழியில்லை.

பரிசோதனையில் வெளிவரும் தொற்று விவரங்களை இந்தத் தாளில் ஒருபோதும் எழுதாதீர்கள். அது ரத்த வங்கிக்கும் அவருக்கும் உள்ள விஷயம். வங்கி இனி அழைக்க வேண்டாம் என்று சொன்னால் PERM என்ற குறி மட்டும் போதும்.

படி 5: விதித் தாளும் சூத்திரமும்

Rules தாளில் மூன்று பத்தி: குறி, மாதம், நாள். எங்கள் தாளில் DON என்றால் 4, 0, அதாவது கொடுத்த பிறகு நான்கு மாதம். ஆன்டிபயாடிக்குக்கான ABX என்றால் 0, 14. ரத்தம் குறைவு என்பதற்கான LOWHB போன்ற மற்ற காரணங்களுக்கு உங்களிடம் ரத்தம் வாங்கும் வங்கி சொல்லும் காலத்தைக் கேட்டு நிரப்புங்கள். விதி மாறினால் இந்த ஒரு தாளைத் திருத்தினால் போதும்.

Visits தாளில் G2:

```
=IF(E2="PERM","நிரந்தரம்",
 IF(OR(E2="",F2=""),"",
 EDATE(F2,VLOOKUP(E2,Rules!$A:$C,2,FALSE))
 +VLOOKUP(E2,Rules!$A:$C,3,FALSE)))
```

விடை 45719 போல வந்தால் பயப்பட வேண்டாம், அந்தப் பத்தியின் வடிவத்தைத் தேதி என்று மாற்றுங்கள். #N/A என்றால் குறி Rules தாளில் இல்லை, அல்லது குறிக்குப் பின்னால் ஓர் இடைவெளி ஒட்டியிருக்கிறது.

படி 6: கடைசித் தேதி

Donors தாளில் A பத்தியில் கொடையாளர் எண் இருக்கட்டும். ஒருவருக்குப் பல வரிகள் இருந்தால் எல்லாவற்றிலும் பிந்திய தேதிதான் செல்லும்:

```
=IF(COUNTIFS(Visits!A:A,A2,Visits!E:E,"PERM")>0,
 "நிரந்தரம்",
 MAXIFS(Visits!G:G,Visits!A:A,A2))
```

முன்பாதியை விட்டுவிடாதீர்கள். MAXIFS எழுத்துகளைக் கண்டுகொள்ளாது, 'நிரந்தரம்' என்ற வரியைத் தாண்டி அவருடைய பழைய தேதியை எடுத்துக் காட்டிவிடும். அழைக்கக்கூடாத ஒருவரை அழைத்துவிடுவோம். எக்செல் 2019க்கு முந்தையது என்றால் MAXIFS இருக்காது, லிப்ரே ஆபிஸில் செய்யுங்கள், அங்கே தட்டும்போது தாள் பெயருக்குப் பின்னால் ! குறிக்குப் பதில் புள்ளி வையுங்கள்.

இப்போது அந்த அக்காவின் இரண்டு வரியையும் போட்டுப் பார்க்கலாம். நவம்பர் 3, DON: 2025 மார்ச் 3. பிப்ரவரி 12, ABX: பிப்ரவரி 26. Donors தாளில் வருவது மார்ச் 3. மாத்திரைக் கணக்கைச் சரியாகப் போட்டு 26ஆம் தேதி கூப்பிட்டிருந்தாலும், அவர் ஐந்து நாள் முன்னதாக வந்து இன்னொரு முறை திரும்பியிருப்பார்.

அந்தத் தேதி அவருக்குப் போன் போடலாம் என்பதற்கு மட்டும். கொடுக்கலாமா என்று அன்றைக்கு மறுபடியும் விரலில் குத்திப் பார்த்து வங்கி ஊழியர்தான் சொல்வார், அப்போது Visits தாளில் அவருக்கு இன்னொரு வரி சேரும்.