ஒரே ஆசிரியர், மூன்று வகுப்புகள்: ஒரு பாடவேளைத் திட்டம்

மூன்று பாடங்களைத் திட்டமிடாதீர்கள். ஒரே கருத்தை மூன்று ஆழங்களில் எடுங்கள். ‘நீளம்’ என்றால், முதல் 10 நிமிடம் எல்லோரும் சேர்ந்து கயிறுகளை ஒப்பிடட்டும். பிறகு 1ஆம் வகுப்பு குச்சிகளை நீள வரிசையில் அடுக்கும். 3ஆம் வகுப்பு அளவுகோலால் பொருள்களை அளக்கும். 5ஆம் வகுப்பு மேசையின் சுற்றளவைக் கற்கும்.

திட்டத்தில் முதலில் எழுத வேண்டியது, நீங்கள் அருகில் இல்லாதபோது ஒவ்வொரு குழுவும் செய்யும் வேலையைத்தான். அது ஏற்கெனவே பழகிய வேலையாக இருக்கட்டும். இங்கே சுற்றளவு மட்டுமே புதியது. எனவே சிறியவர்களைத் தொடங்கிவைத்துவிட்டு 5ஆம் வகுப்புடன் உட்காருங்கள். இடையில் மற்றவர்கள் “அடுத்து என்ன?” என்று எழுந்து வந்தால், கொடுத்த வேலை போதவில்லை. முடித்தவர்களுக்கான கூடுதல் வேலையையும் முன்பே கரும்பலகையில் எழுதிவையுங்கள். படிக்கத் தெரியாத 1ஆம் வகுப்புக்கு அதைப் படமாக வரையுங்கள்.