லேப் மென்பொருளுக்கு அனுமதி கேட்கும்போது

பள்ளி லேப் கணினிகளில் ஜியோஜீப்ரா மாதிரி ஒரு கணித மென்பொருளைப் போடச் சொல்லி ஐடி அலுவலகத்துக்கு எழுதும்போது, பெயரோடு நிறுத்தாமல் பதிப்பு எண், அதிகாரப்பூர்வ தளத்தில் உள்ள `.msi` நிறுவல் கோப்பின் இணைப்பு, பள்ளியில் பயன்படுத்த உரிமம் அனுமதிக்கிறது என்று சொல்லும் பக்கம் ஆகிய மூன்றையும் முதல் கடிதத்திலேயே கொடுத்துவிடுங்கள். அவர்கள் திருப்பிக் கேட்பது பெரும்பாலும் இவற்றைத்தான். `.msi` இருந்தால் ஒவ்வொரு கணினியிலும் போய் உட்காராமல் எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் நிறுவிவிடலாம். சில `.exe` கோப்புகளோ நிறுவியவரின் கணக்கில் மட்டும்தான் உட்காரும், அப்புறம் மாணவர் தன் கணக்கில் நுழைந்தால் மென்பொருளையே காணோம். பிரவுசரிலேயே ஓடும் மென்பொருளுக்கு இதெல்லாம் வேண்டாம், அந்தத் தளம் பள்ளியின் இணைய ஃபில்டரில் தடையாகியிருந்தால் முகவரியைத் திறந்துவிடச் சொன்னால் போதும்.