பாலைவன நாவலுக்குப் பெயர் வைக்கும் முறை: கிணற்றிலிருந்து தொடங்குங்கள்

கற்பனையான ஒரு பாலைவன அரசை வைத்து நாவல் எழுதத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் முதலில் நாயகனுக்குத்தான் பெயர் தேடுகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். பத்து அத்தியாயங்கள் முடிந்தபோது, என் நாயகனின் பெயர் அரபு போலவும், அவன் ஊரின் பெயர் பாரசீகம் போலவும், எதிரியின் பெயர் எந்த மொழியையும் சேராததாகவும் இருந்தன. ஒரே நாட்டில் பிறந்தவர்கள் என்று அவர்களை யாரும் நம்ப முடியாது. அதன் பிறகு ஊர்ப்பெயரில் தொடங்கி ஆட்பெயருக்கு வரும் வழியைப் பின்பற்றுகிறேன். அந்த வழியை ஓர் உதாரண அரசை உருவாக்கியபடியே இங்கே விளக்குகிறேன்.

முதல் படி: அந்த நாட்டில் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று எழுதுங்கள்

பாலைவனத்தில் தண்ணீர் இருக்கும் இடத்தில்தான் ஊர் இருக்கும். ஆகவே ஊர்ப்பெயரிலும் தண்ணீர் இருக்கும். அரபு மொழியில் ‘பிர்’ என்றால் கிணறு, ‘அயின்’ என்றால் ஊற்று, ‘வாடி’ என்றால் மழைக்காலத்தில் மட்டும் நீரோடும் பள்ளத்தாக்கு. ஐக்கிய அரபு அமீரகத்தில் உள்ள அல் அயின் நகரத்தின் பெயருக்கு ஊற்று என்பதே பொருள். தார் பாலைவனத்தில் லூண்கரண்சர் போன்ற பல ஊர்ப்பெயர்களின் இறுதியில் வரும் ‘சர்’ நீர்நிலையைக் குறிக்கிறது. தண்ணீருக்கு அடுத்தபடியாகக் கோட்டையும் ஆண்ட மன்னனின் பெயரும் வரும்: 1156ஆம் ஆண்டில் ராவல் ஜெய்சல் நிறுவிய கோட்டை நகரம் ஜெய்சல்மேர் ஆயிற்று.

உப்பையும் மறக்க வேண்டாம். சகாராவில் இருந்த தகாசா என்ற உப்புச் சுரங்க ஊருக்கு 1352இல் சென்ற இப்னு பதூதா, அங்கே வீடுகளும் பள்ளிவாசலும் உப்புக் கட்டிகளால் கட்டப்பட்டு, கூரைக்கு ஒட்டகத் தோல் போடப்பட்டிருந்ததாக எழுதியிருக்கிறார். மரமே இல்லாத அந்த ஊரில் உப்பைத் தவிர வேறு கட்டுமானப் பொருள் இல்லை. அந்தச் செய்தியைப் படித்ததும்தான் என் உதாரண அரசை உப்பு வணிகத்தால் வாழும் நாடாக வைத்துக்கொண்டேன்.

இரண்டாம் படி: தமிழ் எழுத்துக்குத் தகுந்த ஒலிகளைத் தேர்ந்தெடுங்கள்

இந்தப் படியில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். தமிழில் ஒரே ‘க’ இடத்துக்கேற்ப வல்லோசையாகவும் மெல்லோசையாகவும் ஒலிக்கும். ‘த’, ‘ப’, ‘ட’ ஆகியவையும் அப்படித்தான். என் பழைய நாயகனுக்கு ‘தகுர்’ என்று பெயர் வைத்திருந்தேன். படித்த மூன்று நண்பர்களும் அதை மூன்று விதமாக உச்சரித்தார்கள். அவர்களில் ஒருவர் தாகூர் என்றே வாசித்துவிட்டார். ஆகவே, க, த, ப மூன்றையும் சொல்லின் முதலிலோ இரட்டித்தோ மட்டும் வைத்து, சொல்லின் நடுவில் ம, ந, ர, ல, வ, ஸ போன்ற ஐயமில்லாத எழுத்துகளைப் பயன்படுத்துவது நல்லது.

உயிரொலிகளையும் குறைத்துக்கொள்ளுங்கள். செவ்வியல் அரபு அ, இ, உ என்ற மூன்று உயிர்களோடும் அவற்றின் நெடில்களோடும் இயங்குகிறது. நம் அரசுக்கும் அதையே வைத்தால் எ, ஒ கலந்த பெயர் ஒன்று கதைக்குள் வந்தவுடன் அவன் அயல்நாட்டான் என்று வாசகரின் காது தானே கண்டுகொள்ளும். கிரந்த எழுத்துகளில் ‘ஸ’வை மட்டும் இந்த நாட்டுக்குக் கொடுத்துவிட்டு, ‘ஜ’வைப் பகை நாட்டுக்கு ஒதுக்கிவிட்டேன்.

மூன்றாம் படி: பத்துக்குள் வேர்ச்சொற்கள்

ஓர் அகராதியே தேவையில்லை. ஸில் என்றால் கிணறு, மிர் என்றால் உப்பு, தல்லா என்றால் கோட்டை, லிஸ் என்றால் மணல்மேடு, வாஸ் என்றால் நாடு. இவற்றோடு ஊற்றுக்கு அவ்னா, நன்னீருக்கு லும் என்று முதலில் வைத்தேன். தமிழில் அடைமொழி முன்னால் வரும்; இங்கே அதைப் பின்னால் வைத்தால் அயல்தன்மை கிடைக்கும். உப்புக் கிணறு ஸில்மிர் ஆகிறது. மணல்மேட்டுக் கோட்டை தல்லாலிஸ் ஆகிறது. நாட்டின் பெயரில் மட்டும் உப்பு முன்னால் நிற்கட்டும்: மிர்வாஸ். நாட்டுப்பெயர்கள் ஊர்ப்பெயர்களைவிடப் பழைமையான சொல்லமைப்பைக் காத்து வைத்திருப்பது போலத் தோன்றும் என்பதால் இந்த விதிவிலக்கைத் தெரிந்தே செய்தேன்.

பழைய ஊரின் பெயர் வாய்வழக்கில் தேய்ந்திருக்கும். தஞ்சாவூர் தஞ்சை ஆனது போல, தல்லாலிஸ் தல்லிஸ் ஆகட்டும். புதிதாகக் குடியேறிய ஊரின் பெயர் தேயாமல் முழுமையாக இருக்கட்டும். எந்த ஊர் பழையது என்று நீங்கள் எங்கும் விளக்காமலேயே அது தெரிந்துவிடும்.

நான்காம் படி: பெயருக்கு வேற்றுமை உருபு சேர்த்துப் பாருங்கள்

ஒவ்வொரு பெயரையும் -ஐ, -இல், -க்கு, -உம் சேர்த்து உரக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். ஸில்மிரை, ஸில்மிரில், ஸில்மிருக்கு: தடையில்லை. ஆனால் ‘ம்’மில் முடியும் பெயர் மரம், மரத்தில் என்பது போலத் திரியுமா, திரியாதா என்று எழுதும் உங்களுக்கே குழப்பம் வரும். ‘டு’, ‘று’ ஆகியவற்றில் முடியும் பெயர்களும் காட்டில், ஆற்றில் என்பவை போல இரட்டிக்கப் பார்க்கும். அவற்றைத் தவிர்ப்பதே எளிது.

இந்தச் சோதனையில் நன்னீர் ஊற்றுக்கு நான் வைத்த பெயர் விழுந்தது. அவ்னாவும் லும்மும் சேர்ந்து ‘அவ்னாலும்’ என்று வந்தது. வேகமாகப் படிக்கும் எவரும் அதை ‘அவனாலும்’ என்றே படிப்பார்கள். ஊற்றை ரிம்னா என்றும் நன்னீரை லுஸ் என்றும் மாற்றியபின், ரிம்னாலுஸ் தேய்ந்து ரிம்லுஸ் என்ற ஊர் பிறந்தது. ‘-ஆன்’ என்று முடியும் ஆண்பெயர்களிலும் இதே ஆபத்து உண்டு. தர்வான் என்ற பெயர் தருவான் என்ற வினைமுற்றாகவே கண்ணில் படும்.

ஐந்தாம் படி: மனிதர்களின் பெயர்கள்

சகாராவில் வாழும் துவாரெக் மக்கள் தந்தை பெயருக்கு முன் ‘அக்’ என்று சேர்த்து மகனைக் குறிப்பார்கள்; அரபில் ஊர்ப்பெயரோடு ‘ஈ’ சேர்த்து அந்த ஊர்க்காரர் என்பார்கள். இந்த அமைப்புகளை எடுத்துக்கொண்டு, சொற்களை நம்முடையதாக வைத்துக்கொள்ளலாம். மிர்வாஸில் மகனுக்கும் மகளுக்கும் பொதுவாக ‘லா’ என்று வைத்தேன். தாரிஸ் லா கம்வர் என்றால் கம்வரின் மகன் தாரிஸ். வில்ஸா லா கம்வர் அவன் தங்கை. சந்தையில் அவனை ‘ஸில்மிரி’ என்று அழைத்தால் அவன் உப்புக் கிணற்று ஊரான் என்பது அந்த ஒரு விளியிலேயே தெரிந்துவிடும்.

அவன், அவள் என்று எழுதும்வரை தமிழில் வினையே ஆணா பெண்ணா என்பதைக் காட்டிவிடும். அரசனும் அரசியும் வந்தவுடன் இருவருக்கும் ‘அவர் வந்தார்’ என்றாகி அந்த அடையாளம் மறைந்துவிடுகிறது. ஆகவே ஆண்பெயர் மெய்யெழுத்திலும் பெண்பெயர் ‘ஆ’விலும் முடியட்டும், அவை குறைந்தது அரண்மனைக் காட்சிகளிலாவது வாசகருக்கு வழிகாட்டும். முதன்மைப் பாத்திரங்கள் இருவரின் பெயர்கள் ஒரே எழுத்தில் தொடங்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: தேடிப் பார்த்து நீக்குங்கள்

பட்டியல் முடிந்ததும் ஒவ்வொரு பெயரையும் இணையத்தில் தமிழ் எழுத்திலும் ஆங்கில எழுத்திலும் தேடுங்கள். சந்தைக்கு ‘கஸ்வா’ என்று வைக்க நினைத்திருந்தேன். தேடியபோது அது நபிகள் நாயகத்தின் ஒட்டகத்தின் பெயர் என்று தெரிந்தது. உப்பு மூட்டைகளும் ஏமாற்று வணிகமும் நிறைந்த ஒரு சந்தைக்கு அந்தப் பெயரை வைப்பது பலர் மனத்தைப் புண்படுத்தும். அந்த வேர்ச்சொல்லை அன்றே அடித்துவிட்டேன். சந்தை இருக்கும் ஊர், என் நாவலில் இன்றுவரை தல்லிஸ் என்ற கோட்டைப் பெயரிலேயே இருக்கிறது.