குரு திசை எதைத் தரும்? இலக்கினத்தை வைத்துப் பார்க்கும் முறை

குரு திசை 16 வருடம். அது படிப்பையா, பணத்தையா, பிள்ளைப் பேற்றையா, பக்தியையா முன்னுக்குக் கொண்டுவரும் என்பது, குருவின் சொந்த வீடுகளான தனுசும் மீனமும் உங்கள் இலக்கினத்துக்கு எத்தனையாம் வீடுகள் என்பதைப் பொறுத்தது. குரு உச்சம் என்றவுடன் சந்தோஷப்பட வேண்டாம். முதலில் வீடுகளை எண்ணுங்கள்.

ஓர் உதாரணம். 2002 ஒக்டோபர் 8, காலை 8.50, ஹட்டனில் ஒரு பிள்ளை பிறக்கிறது. சுவாதி நட்சத்திரம், எனவே ராகு திசையில் பிறப்பு; எட்டு, ஒன்பது வயதில் குரு திசை ஆரம்பம். குரு கடகத்தில் உச்சம்.

முதல் படி, நேரம். இங்கேதான் நம் நாட்டுச் சாதகங்கள் அதிகம் பிழைக்கின்றன. 1996 மே 25 முதல் இலங்கை மணிக்கூடு முன்னே தள்ளப்பட்டிருந்தது: கிரீன்விச் நேரத்துக்கு முதலில் +6.30, அதே வருடம் ஒக்டோபர் 26 முதல் +6.00. 2006 ஏப்ரல் 15இல்தான் மீண்டும் +5.30 ஆனது. ஆகவே இந்தப் பிள்ளைக்கு +6.00 போட வேண்டும். போட்டால் துலா இலக்கினம், ஏறக்குறைய 26 பாகை. பழக்கத்தில் +5.30 போட்டால் இலக்கினம் விருச்சிகத்துக்குத் தாவிவிடும். ராசியும் நட்சத்திரமும் மாறாததால் பிழை கண்ணில் படாது.

இரண்டாம் படி, இலக்கினத்தை ஒன்றாக வைத்துத் தனுசு, மீனம் வரை எண்ணுதல். பிழையான விருச்சிகத்துக்குக் குரு 2, 5ஆம் அதிபதி, இருப்பது 9இல். தனம், கல்வி, புத்திரம், பாக்கியம் எல்லாம் ஒன்றுசேர்வதால் "படிப்புத் தானாக வரும்" என்று சொல்லிவிடுவார்கள். சரியான துலாவுக்கோ குரு 3, 6ஆம் அதிபதி, இருப்பது 10இல். முயற்சி, போட்டி, கடன், உத்தியோகம் என்பவையே இவற்றின் விஷயம்.

மூன்றாம் படி, பார்வை. குரு தானிருக்கும் வீட்டிலிருந்து 5, 7, 9ஆம் வீடுகளைப் பார்ப்பார். கடகத்திலிருந்து பார்ப்பவை விருச்சிகம், மகரம், மீனம். துலாவுக்கு அவை 2, 4, 6. நாலாம் வீடு பள்ளிப் படிப்பு. ஆகவே கல்வி கைவிட்டுப் போகாது. ஆனால் ஆறாம் அதிபதி உச்சம் பெற்றுத் தன் வீட்டையே பார்ப்பதால் போட்டியும் கடனும் சேர்ந்தே வளரும். சாதாரண தரமும் உயர்தரமும் இந்தத் திசைக்குள் வருகின்றன. டியூஷன் காசுக்குக் கடன் வாங்கிப் படித்துப் பாஸாவது துலாவின் பலன். அலட்டிக்கொள்ளாமல் முன்னேறுவது விருச்சிகத்தின் பலன்.

பிள்ளைப் பேற்றுக்கும் தெய்வ நம்பிக்கைக்கும் குரு எல்லா இலக்கினத்துக்கும் காரகர். அந்தத் தன்மை துலாவிலும் அழியாது. ஆனால் துலாவின் 5ஆம் அதிபதி சனி, 9ஆம் அதிபதி புதன். பிள்ளைகளையும் பாக்கியத்தையும் பற்றிக் கேட்டால் குருவோடு நிறுத்தாமல் அவர்களின் நிலையையும், அவர்களின் புத்தி ஓடும் காலத்தையும் பாருங்கள்.

திசையின் முதல் 2 வருடம் 1 மாதம் 18 நாள் குருவின் சொந்தப் புத்தி. அதில் நடந்ததை வீட்டாரிடம் கேளுங்கள். கடன், வழக்கு, நோய், போட்டிப் பரீட்சை போன்றவை முன்னுக்கு வந்திருந்தால் துலா பொருந்துகிறது. அப்படி எதுவும் இல்லையென்றால் குறித்து வைத்த நேரத்தையே மறுபடி சரிபாருங்கள். 26 பாகையில் இருக்கும் இலக்கினத்துக்கு இருபது நிமிடப் பிழையே போதும்.